வெறுமையாக விடவேண்டிய கட்டம்

திருகோணமலை இன்னர் ஹார்பர் வீதியில், குணரத்தினம் முதலாளியின் ‘ஈஸ்டர்ன் பே டிரவல்ஸ்’ காரியாலயத்தில் புஷ்பவதி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. தைப் அடிக்கவென்று எடுத்தார்கள். பிறகு ரெலிபோன் அவள் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு ரயில் ரிக்கற், வான், புறாத்தீவுக்குப் போகும் வள்ளம், ஹோட்டல் அறை எல்லாம் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தன. பதினொரு வருஷம் அந்த மேசையில் இருந்தாள். கலியாணம் சரிவரவில்லை. தாயும் அவளும் சிவன்கோயிலடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். சம்பளம் வந்தால் அடுப்பெரியும். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ஆளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மனிடம் போவாள். ஒரு சதம் பிசகாமல் காசு ஒப்படைப்பாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பொய் சொன்னாள். அதுவும் இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லையும் அவள் எப்படிச் சுமந்தாள் என்பதுதான் இந்தக் கதை.

எண்பதாம் ஆண்டு, வைகாசி கடைசி. நிலாவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வந்து குவிகிற காலம். மேற்குக் கரையில் மழையும் கடல் கொந்தளிப்பும் தொடங்கினால் அவர்களெல்லாம் கிழக்கே திரும்புவார்கள். புஷ்பவதியால் தனியே சமாளிக்க ஏலாது என்று கண்ட முதலாளி, ஒரு ஆளைப் பழக்கி எடுக்கச் சொல்லிக் கொண்டுவந்து விட்டார். பழக வந்தவர் சின்னப் பிள்ளை இல்லை. கிண்ணியா ஸஹாப்தீன், வயது நாற்பத்து மூன்று. தகப்பன் காலத்திலிருந்து புடைவை வியாபாரம். புதிய அரசாங்கம் வந்து கப்பல் கப்பலாகச் சீலை இறங்கிய பிறகு, மச்சானோடு பங்காக நடத்திய கடை படுத்துவிட்டது. கடற்கரையில் வெள்ளைக்காரருக்குச் சாரமும் பற்றிக் துணியும் விற்றதில் இங்கிலிஷும் கொஞ்சம் ஜெர்மன் பாஷையும் வாயில் ஒட்டியிருந்தன. அதைக் கேட்டுத்தான் முதலாளி எடுத்தார். மூன்று மாதம் பார்ப்பது, சரியென்றால் ஆவணியோடு நிரந்தரம், ஐந்நூற்றைம்பது ரூபாய் சம்பளம் என்று பேச்சு.

அந்த மூன்று மாதத்தில் ஸஹாப்தீனுக்கு என்ன தங்கியிருந்தது என்பது புஷ்பவதிக்கு இரண்டாம் நாளே தெரியும். அவரே சொன்னார். சவூதிக்கு ஆள் அனுப்புகிற ஒருவர் அவருடைய கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கிறார். வேலை, வெயிலில் கல்லும் மண்ணும் சுமப்பது. இங்கே நிரந்தரமானால் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிவிடுவார். ஆகாவிட்டால் மனைவி ஸல்ஹாவையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

“நாப்பத்து மூணு வயசில ஒட்டகத்துக்கு வேலை பழகுறத விட இந்த மேசைக்குப் பழகுறது லேசு, மிஸ்,” என்றார்.

அவரை விட ஏழு வயது இளையவளை அவர் மிஸ் என்றார். அவள் அவரை, அவர் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றாள். அப்படித்தான் தொடங்கியது.

பாடம் சொல்வதற்கு அவளுக்குப் பெரிய வித்துவம் இல்லை. தான் பழகிய வழியிலேயே சொன்னாள். நிலாவெளியில் புதிதாகக் கட்டிய ஹோட்டலின் விலை அட்டையை முதலில் எடுத்து வைத்தாள். இரண்டு பேருக்கு ஒரு அறை, காலைச் சாப்பாடும் இராச் சாப்பாடும் சேர்த்து ஒரு இரவுக்கு ஐந்நூறு ரூபாய். ஹோட்டல் வரவேற்பு மேசையில் எல்லாரும் பார்க்கத் தொங்குவதும் இந்த விலைதான். இதற்குப் பெயர் றாக் றேட். வாசலால் வந்து ‘அறை இருக்கா’ என்று கேட்கிறவனுக்குச் சொல்லும் விலை.

“அதாவது பேரம் பேசத் தெரியாதவன் குடுக்கிற விலை,” என்றார் ஸஹாப்தீன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கொமிஷனுக்கு வந்தாள். சில ஹோட்டல்களோடு நமக்கு ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. அங்கே ஆளை அனுப்பினால், ஆள் ஐந்நூறும் கொடுப்பார். ஹோட்டல் நானூற்றைம்பதை எடுத்துக்கொண்டு நமக்கு நூற்றுக்குப் பத்து, ஐம்பது ரூபாய் தரும். ஆளைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் கூலி. அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

“தரகு. வெளங்குது.”

நெற் றேட் அப்படியில்லை. இது நிலாவெளி ஹோட்டல் நமக்கென்று எழுதித் தந்த விலை. முந்நூற்றைம்பது. கொமிஷன் ஒன்றும் கிடையாது. முந்நூற்றைம்பதை ஹோட்டலுக்குக் கட்டினால் சரி. அதற்கு மேல் வைத்து விற்பது நம்முடைய பாடு. முதலாளி நானூற்றறுபதுக்கு விற்கச் சொல்லியிருக்கிறார். வருகிறவருக்கு அட்டை விலையை விட நாற்பது குறைவு, நமக்கு நூற்றுப்பத்து மிச்சம். ஹோட்டல் திறந்த புதிதில், மழை அடித்து ஊற்றுகிற ஐப்பசி, கார்த்திகையிலும் முதலாளி ஆள் பிடித்து அனுப்பியவர். அந்த நன்றிக்கு வந்த விலை அது. கொழும்புப் பெரிய கொம்பனிகளுக்குக்கூட இந்த விலை இல்லை என்று சொல்லிக் கடிதத்திலிருந்த விலையை வாசித்துக் காட்டினாள். அவர் தன்னுடைய கொப்பியில் எல்லாவற்றையும் குண்டு குண்டாக எழுதிக்கொண்டார்.

கடைசியாக அலொட்மென்ட். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, ஒவ்வொரு இரவும் எட்டு அறை நமக்கென்று ஹோட்டல் ஒதுக்கி வைத்திருக்கும். ஹோட்டலைக் கேட்காமலே நாம் விற்கலாம். விற்றபின் அறிவித்தால் போதும். ஆனால் வருகிற நாளுக்கு ஏழு நாளைக்கு முதல் விற்காமல் கிடக்கிற அறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் றிலீஸ். அதற்குள் கொடுத்தால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. கொடுக்க மறந்தால் காலி அறைக்கும் நாம் காசு கட்டவேண்டும். கொடுத்த பிறகு ஆள் வந்தால், ரெலிபோன் எடுத்து இருக்கா என்று கேட்டுத்தான் விற்கலாம். சுவரில் நாட்களைக் கோடு கிழித்துப் பெரிய தாள் ஒட்டியிருந்தது. விற்ற அறைக்குப் பென்சிலால் குறுக்குப் புள்ளடி. திருப்பிக் கொடுத்ததற்கு வட்டம்.

இது விளங்கக் கஷ்டமென்று அவள் நினைத்தாள். ஸஹாப்தீனோ ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். பெருநாளைக்கு முதல் கொழும்பு மொத்தக் கடைக்காரரிடமிருந்து புடைவை இப்படித்தான் வருமாம். எடுத்து அடுக்கி விற்கலாம். விற்காததைப் பெருநாளைக்குப் பத்து நாள் முந்தித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பெருநாள் முடிந்த பிறகு கொண்டுபோனால் அந்த மனிசன் முகத்திலும் முழிக்கமாட்டான்.

“அறையும் புடைவைதான், மிஸ். பெருநாள் முடிஞ்ச சீலையும் விடிஞ்ச அறையும் ஒண்டு.”

அப்போதுதான் அவர் அந்தக் கதையையும் சொன்னார். அவருடைய வாப்பா கடையில் ஒரு பழக்கம் இருந்ததாம். ஆள் சீலையைக் கையில் எடுத்ததும் கொள்முதலைச் சொல்லிவிடுவார். ‘எனக்கு வந்து விழுந்தது இருபத்திரண்டு. என்ட லாபம் மூணு. இருபத்தஞ்சு தந்திட்டு எடுத்துப் போங்க.’ கொள்முதலை மறைத்து விற்ற காசில் பறக்கத்து இல்லை, அது வீட்டில் தங்காது என்பது அவர் சொல். ஊர் முழுக்க அந்தக் கடையை நம்பியது அதனால்தானாம்.

புஷ்பவதி சிரித்தாள். “அப்பிடி வித்தா எங்கட முதலாளி மயங்கி விழுந்திடுவார், நானா,” என்றாள். அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. கண்டியிலிருந்து ட்ரங்க் கோல். இரைச்சலுக்குள் கத்திக் கத்திப் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வைத்துவிட்டுத் திரும்பியபோது பழைய பேச்சு அறுந்துவிட்டது. அவள் அடுத்ததாக ரயில் அட்டவணையை எடுத்தாள்.

நெற் றேட் வெளியாருக்குச் சொல்லக்கூடாத விலை என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை. அவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. பதினொரு வருஷம் அதற்குள்ளேயே இருந்தவளுக்கு, தண்ணீர் நனைக்கும் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா?

ஆனி முழுவதும் ஸஹாப்தீன் பிழையில்லாமல் வேலை செய்தார். காலை முதல் பாதையில் ஏறி, அந்த மிதவைப் படகால் கிண்ணியாத் துறையைக் கடந்து, பஸ் பிடித்து, கதவு திறக்க முதலே வாசலில் நிற்பார். றிலீஸ் நாள் ஒன்றும் தவறவில்லை. ஒருநாள் அவள் மறந்த இரண்டு அறையை அவர்தான் ஞாபகப்படுத்தித் திருப்பிக் கொடுக்க வைத்தார். முதலாளி அதைக் கேட்டு, “பிள்ளை, பழக வந்தவர் உம்மைப் பழக்குறார் போல கிடக்கு,” என்று பகிடி விட்டார். அவளுக்கும் சந்தோஷம்தான்.

ஆடி பிறந்தது. அதே கிழமை நோன்பும் பிறந்தது. நாலாம் நோன்பு, முதல் ஆடி வெள்ளி. காலை பத்து மணிப் பூசைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்று மேசையை ஸஹாப்தீனிடம் கொடுத்துவிட்டு அவள் அம்மன் கோயிலுக்குப் போனாள். கூட்டம். திரும்பி வரப் பதினொன்றேகால் ஆகிவிட்டது.

ஸஹாப்தீனின் முகத்தில் நோன்புக் களையையும் மீறி ஒரு வெளிச்சம். ஜெர்மனியிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தாராம். கூட ஏழு பேர். பொலன்னறுவையும் கண்டியும் பார்த்துவிட்டுப் பத்து நாளில் திரும்பி வந்து, நிலாவெளியில் ஏழு இரவு தங்கவேண்டும். நாலு அறை. தாளைப் பார்த்தாராம், நாலும் இருந்ததாம். விற்றுவிட்டார். முழுக் காசும் கையில். ஹோட்டலுக்கும் அறிவித்தாயிற்று.

புஷ்பவதி தாளைப் பார்த்தாள். ஏழு நாளுக்கும் நாலு நாலு புள்ளடி, நேர் நேராக. றிலீசுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரே விற்பனையில் மூவாயிரத்து எண்பது ரூபாய் லாபம். நெற்றியிலிருந்த திருநீற்றைக்கூட மறந்து, “நானா, நீங்கள் இனி நிரந்தரம்தான்,” என்றாள். அவர் மேலே பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

வவுச்சர் மூன்று பிரதியில் எழுதுவது வழக்கம். ஒன்று வந்தவர் கையில் போகும், அதை ஹோட்டலில் கொடுத்தால் அறை கிடைக்கும். இரண்டாவது தபாலில் ஹோட்டலுக்கு. மூன்றாவது கோப்பில். மூன்றாவது பிரதி மேசையில்தான் கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். வாசிக்கவில்லை. துளை போட்டுக் கோப்பில் கோத்தாள்.

அந்தத் தாளில் ‘விலை’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. கொமிஷன் அறை என்றால் அதில் றாக் றேட்டை எழுதலாம். நெற் அறை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். அறைக் காசு நம் கணக்கில் என்று மட்டும் கீழே எழுதினால் போதும். ஸஹாப்தீன் கட்டத்தை வெறுமையாக விடவில்லை. நோன்பு வாயோடு, வாப்பாவின் கடையில் விற்றது போலவே விற்றிருந்தார். நெற் முந்நூற்றைம்பது, எங்கள் லாபம் நூற்றுப்பத்து, மொத்தம் நானூற்றறுபது என்று அழகான இங்கிலிஷ் எழுத்தில் எழுதி, அந்த ஆசிரியருக்கு வாயாலும் விளக்கியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஜெர்மன்காரருக்குக் கோபமே வரவில்லை. இந்த நாட்டில் லாபத்தைச் சொல்லி விற்ற முதல் ஆள் நீர்தான் என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

கஷ்டம் நிலாவெளியில் வந்தது. ஏழு இரவும் முடிகிற அன்று காலை, அந்த மனிதருக்கு இன்னும் மூன்று இரவு இருந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. வரவேற்பு மேசைக்குப் போய், நீங்கள் எடுக்கிற விலை முந்நூற்றைம்பதுதானே, அதையே நேராகத் தருகிறேன் என்று வவுச்சர் பிரதியைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தாராம். பக்கத்தில் கொழும்புப் பெரிய கொம்பனி ஒன்றின் ஆள், தன்னுடைய கூட்டத்துக்குச் சாவி வாங்க நின்றிருக்கிறார். அவர்களுக்கு நெற் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. வருஷத்துக்கு ஆயிரம் அறை எடுக்கிற எங்களுக்கு அது, எட்டு அறை எடுக்கிற திருகோணமலைக் கடைக்கு இதுவா என்று அந்த இடத்திலேயே சண்டை. பின்னேரத்துக்குள் கொழும்பிலிருந்து ஹோட்டலுக்கு ரெலிபோன்.

அடுத்த நாள் காலை ஹோட்டல் மனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து, வவுச்சரை முதலாளியின் முன் வைத்தார். விலை எழுதித் தந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கு என்று வாசித்துப் பாருங்கள் என்றார். இந்த விலை மூன்றாம் ஆளுக்குத் தெரியவரக்கூடாது என்று கடைசி வரியில் இருந்தது. ஸஹாப்தீன் கொப்பியில் எழுதும்போது புஷ்பவதி விலையைத்தான் வாசித்துக் காட்டினாள். கடைசி வரிவரை போகவில்லை.

நன்றி மறக்கவில்லை என்றார் மனேஜர். ஆனால் அந்தக் கொம்பனியை இழக்க ஏலாது. இன்றோடு நெற் றேட்டும் இல்லை, எட்டு அறை அலொட்மென்டும் இல்லை. ஆள் வந்தால் கேட்டு விற்கலாம், மற்றவர்களைப் போல நூற்றுக்குப் பத்து கொமிஷன். சீசனில் இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

முதலாளி வவுச்சரை எடுத்து வாசித்தார். பிறகு ஸஹாப்தீனைக் கூப்பிட்டார். எழுதினது நீரா என்று கேட்டார். ஓம் என்றார் அவர். ஏன் எழுதினீர் என்றதற்கு, “வித்த சாமானுக்குக் கொள்முதலைச் சொல்றதுதானே, சேர்,” என்றார். மனேஜர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி புஷ்பவதியைப் பார்த்தார்.

“பிள்ளை, நெற் றேட் வெளியாலை போகக்கூடாதெண்டு நீர் இவருக்குச் சொன்னனீரோ?”

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் இருந்த நேரம் கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. யோசித்துச் சொன்ன பொய்யென்றால் அதை எதிர்த்து நின்றிருக்கலாம் என்று பின்னாளில் அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள். அது யோசனைக்கு முன்னே வந்துவிட்டது. தாயின் முகம் வந்ததா, மாதச் சம்பளம் வந்ததா, ஒன்றும் ஞாபகமில்லை.

“ஓம், சொன்னனான்,” என்றாள்.

ஸஹாப்தீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். ஏதோ தொலைத்ததைத் தேடுகிறவர் மாதிரி ஒரு பார்வை. சொன்னாளா, எப்போது சொன்னாள் என்று தன் தலைக்குள்ளேயே தேடினார். பிறகு அவர் கண் அவள் விரல்களுக்கு இறங்கியது. அவை மேசை விளிம்பின் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அதைக் கண்டதும் தேடுவதை விட்டுவிட்டார்.

“மிஸ் சொல்லியிருப்பாங்க, சேர். எனக்குத்தான் மண்டைல நிக்கல்ல.”

குணரத்தினம் முதலாளி கொடியவர் இல்லை. பெருநாளைக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாதம் முடியாமலே முழு மாதச் சம்பளத்தையும் கடித உறையில் போட்டுக் கொடுத்தார். இனி அறை இல்லாத மேசைக்கு இரண்டு பேர் தேவையில்லை, மன்னிக்க வேணும் என்றார்.

ஸஹாப்தீன் பென்சிலையும் அழிறப்பரையும் மேசை லாச்சிக்குள் வைத்தார். தொப்பியை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டார். கொப்பியை எடுக்கவில்லை. வாசலுக்குப் போனவர் சுவர்த் தாளைப் பார்த்து நின்றார்.

“வியாழக்கிழம ரெண்டு அறை றிலீஸ் பண்ணோணும், மிஸ். மறந்திராதீங்க,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. “ஆ, அது இனி இல்லயே,” என்று ஒரு சின்னச் சிரிப்போடு படியிறங்கினார்.

அன்று பின்னேரம் புஷ்பவதி கோப்பை எடுத்து அந்த மூன்றாவது பிரதியைப் பார்த்தாள். அவளே கோத்த தாள். துளை, ‘நெற்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது.

பெருநாள் முடியட்டும், போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தாள். பெருநாள் முடிந்தது. தாய்க்குக் காய்ச்சல் வந்தது. பிறகு ஆவணியில் கூட்டம், ஒவ்வொரு அறைக்கும் ரெலிபோன் எடுத்துக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் கிண்ணியா பஸ்ஸில் ஏறிக்கூட இருந்தாள். கண்டக்டர் காசு கேட்க வந்தபோது இறங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் முன்னால் நிற்பாள். வாய் தேவாரம் பாடும். உள்ளே அந்த இரண்டு சொல்தான் ஓடும். கற்பூரத்தை ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டவே கூச்சமாக இருந்தது.

மழை பிடித்து, வெள்ளைக்காரர் எல்லாம் போய், காரியாலயம் ஈயோட்டிக்கொண்டிருந்த ஐப்பசியில் ஒருநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டாள். நான் அவருக்குச் சொல்லவில்லை, சொன்னதாகச் சொன்னது பொய் என்றாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

“இப்ப சொல்லி என்ன, பிள்ளை? அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் ஒராளை நிப்பாட்டித்தான் இருப்பன். ஆரெண்டதுதான் வேறை.”

ஏச்சு விழும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஏசியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். அவர் மறுபடி பேப்பரை விரித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனாள். ஸஹாப்தீன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பழைய புடைவைக் கடை வாப்பாவின் வீடு என்றதும் இரண்டு பேர் கை காட்டினார்கள். ஸல்ஹா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒல்லியான பெண். புஷ்பவதி பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, “நீங்கதானா மிஸ்? வாங்க, வாங்க,” என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

அவர் போய்ப் பதினொரு நாள் ஆகிவிட்டது. ரியாத்துக்குப் பக்கத்தில் எங்கோ றோட்டுப் போடுகிற வேலை. இன்னும் கடிதம் வரவில்லை.

ஸல்ஹா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே பாயில் இருந்தாள். அவர் வீட்டுக்கு வந்தால் அந்த வேலைக் கதைதானாம். றாக் றேட், நெற் றேட் எல்லாம் அவளுக்கும் பாடமாம். பிள்ளைகள் முற்றத்தில் எட்டுக் கல்லை வைத்து அலொட்மென்ட் விளையாடுவார்களாம். நடுவில் ஒருவன் றிலீஸ் என்று கத்தினால் கல்லைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதைச் சொல்லிச் சிரித்தவள் சிரிப்பு அடங்கியதும், “அந்த ஒரு சொல்ல மட்டும் எப்பிடி மறந்தாரோ, தெரியா. நீங்க சொல்லித்தான் தந்தீங்களாம். அவர்ர மறதி எண்டுதான் சொல்லிட்டுப் போனவர்,” என்றாள்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள் புஷ்பவதி.

“இல்லை, ஸல்ஹா. நான் சொல்லேல்லை. முதலாளி கேட்கேக்க சொன்னனான் எண்டு பொய் சொன்னனான். அவருக்கு அது தெரியும்.”

முற்றத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஸல்ஹா முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“அண்டைக்கு அவர்ர முன்னால இதச் சொல்லியிருந்தா...” என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

புஷ்பவதி அவருடைய விலாசத்தைக் கேட்டாள். கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள்.

“எழுதாதீங்க, மிஸ்,” என்றாள் ஸல்ஹா. குரல் உயரவில்லை. “தனிய கிடக்கிற மனிசன். நீங்க எழுதினா அவர் திரும்பவும் அந்தக் காலையில போய் நிப்பார். உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லிட்டுப் போனவர். அது அப்பிடியே கிடக்கட்டும்.”

பாதைத் துறை வரை ஸல்ஹா மூத்த மகளைக் கூட அனுப்பி வைத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் புஷ்பவதிக்கு அதிகம் சுட்டது. கடலேரியில் மழைத் தண்ணீர் கலங்கி ஓடியது. வெற்றிலைக் கூடையோடு ஏறிய ஒரு கிழவர், எங்கே மகள், கலியாண வீட்டுக்கா என்று கேட்டார். இல்லை என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து உப்புவெளியில் இன்னொரு ஹோட்டல் அவர்களுக்கு நாலு அறை கொடுத்தது. நெற் றேட்டும் கொடுத்தது. பழக ஒரு ஆள் வந்தாள், மூதூரிலிருந்து ஜெமீலா என்று ஒரு பிள்ளை. முதல் நாள் விலை அட்டையை எடுக்க முன்னே, புஷ்பவதி புதிய வவுச்சர்ப் புத்தகத்தை எடுத்தாள். ஐம்பது வவுச்சர், ஒவ்வொன்றும் மூன்று பிரதி. அடிமட்டத்தை வைத்து, ‘விலை’ என்ற கட்டத்தின் குறுக்கே ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு கிழித்தாள். ஜெமீலா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஏன் மிஸ், எழுதாம விட்டாப் போதாதா?” என்று கேட்டாள்.

“போதும்,” என்றாள் புஷ்பவதி. அடுத்த தாளைத் திருப்பி அதற்கும் கோடு கிழித்தாள்.